ஆபீஸ் டார்ச்சரால் உடம்பு கெடும்போது: குறிப்பு எழுதுவதில் நேரும் தவறுகள்

என் தோழி ஒருத்தி சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். மேலதிகாரி எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுவார், மீட்டிங்குக்குக் கூப்பிடாமல் விடுவார், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் திட்டுவார். நாலு மாதத்தில் அவளுக்குத் தூக்கம் போனது, தலைவலி வந்தது. நடந்ததையெல்லாம் ஒரு நோட்டில் அறுபது பக்கம் எழுதியிருந்தாள்.

அந்த நோட்டு டாக்டரிடமும் உதவவில்லை, எச்.ஆரிடமும் உதவவில்லை. டாக்டர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?" என்று கேட்டார். அது நோட்டில் எங்குமே இல்லை. எச்.ஆர். கண்ணில் பட்டதோ கணவரோடு நடந்த சண்டையைப் பற்றி அவள் எழுதிய பக்கம். "வீட்லயும் பிரச்சினை இருக்கு போலிருக்கே" என்று பேச்சு திரும்பிவிட்டது.

உடம்பையும் சம்பவத்தையும் ஒரே நோட்டில் கலந்ததுதான் முதல் தவறு. டாக்டருக்கு உடம்பின் கதை வேண்டும், நிறுவனத்துக்கு நடந்த சம்பவம் வேண்டும். இரண்டையும் தனித்தனியாக எழுதிவிட்டுத் தேதியை வைத்து இணைத்தால் போதும்.

அடுத்தது, உணர்ச்சியை மட்டும் எழுதுவது. "இன்னைக்கும் சாகடிச்சிட்டார்" என்ற வரியில் பட்ட வேதனை உண்மைதான். ஆனால் அதை வைத்து யாராலும் எதையும் விசாரிக்க முடியாது. அதையே இப்படி எழுதலாம்: "செவ்வாய், காலை 10.40. மாத ரிப்போர்ட் மீட்டிங், ஆறு பேர் இருந்தார்கள். 'உனக்குக் கூட்டல் கழித்தல்கூடத் தெரியாதா' என்றார்." சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், கூட இருந்தவர்கள் யார் என்றும் குறிக்க வேண்டும். உடம்புக் குறிப்பில் அன்றைக்கு: "11 மணிக்குப் படுத்தேன், 2 மணிக்குத்தான் தூக்கம், 5 மணிக்கு விழிப்பு. மதியம் சாப்பிடவில்லை. தலைவலி மாத்திரை ஒன்று."

மோசமான நாளை மட்டும் எழுதுவது எல்லாரும் செய்கிற தவறு. நல்ல நாளையும் லீவு நாளையும் எழுதினால்தான் டாக்டருக்கு ஒரு போக்கு தெரியும். என் தோழி இரண்டாவது முறை தினமும் மூன்று வரி வீதம் மூன்று வாரம் எழுதினாள். சனிக்கிழமை இரவு ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறாள், ஞாயிறு இரவு மூன்று மணி நேரம்தான். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் டாக்டர் வேலையைப் பற்றி அவராகவே விசாரித்தார். காபி, வேறு மாத்திரை, வீட்டுக் கவலை எதையும் உடம்புக் குறிப்பில் மறைக்காதீர்கள். அது டாக்டருக்கு மட்டும் போவதுதான்.

பிரஷரும் அப்படித்தான். திட்டு வாங்கிய கையோடு பார்த்தால் யாருக்கும் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். காலையும் மாலையுமாக ஏழு நாள் குறித்து, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிகம் என்று கொள்வார்கள்.

பழைய சம்பவத்தை இப்போது எழுதினால், இன்றைய தேதியைப் போட்டு "நினைவிலிருந்து எழுதியது" என்று குறியுங்கள். முன்தேதி போட்டது ஒரு இடத்தில் தெரிந்துவிட்டாலும் மொத்தக் குறிப்பின் மேலும் சந்தேகம் விழும். ஆபீஸ் லேப்டாப்பிலும் ஆபீஸ் மெயிலிலும் எழுத வேண்டாம். வேலை போகும் நாளில் அதுவும் கைவிட்டுப் போகும். கம்பெனியின் ரகசியக் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்புவதும் ஆபத்து, அதைக் காட்டியே உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியும்.

"மேலதிகாரியால்தான் இந்த நோய்" என்று எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்பவர்கள் உண்டு. அவர் ஆபீஸில் நடந்ததைப் பார்த்தவரல்ல, அதனால் எழுத மாட்டார். நீங்கள் சொன்னதை உங்கள் கூற்றாகவும், அவர் கண்டதைத் தனியாகவும் சீட்டில் பதியச் சொல்லலாம். வெறும் "கேஸ் ட்ரபிள்" என்று சொல்லி மருந்து வாங்கி வந்தால் அந்தப் பதிவும் இருக்காது.

நிறுவனத்துக்குக் கொடுப்பது ஒரே பக்கமாக இருக்கட்டும்: நடந்த சம்பவங்கள், வேலையில் என்ன செய்ய முடியாமல் போகிறது, என்ன மாற்றம் வேண்டும், அவ்வளவுதான். மருந்துப் பெயரும் முழு மருத்துவப் பதிவும் முதல் கடிதத்திலேயே போக வேண்டியதில்லை. தொல்லை பாலியல் சார்ந்தது என்றால் காத்திருக்காதீர்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே வீட்டில் யாரிடமாவது சொல்லி டாக்டரிடம் போங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.