நடன, சங்கீத ஆசிரியர் சுயவிபரக்கோவை: பரீட்சை முடிவை எழுதும் முறை

"பல மாணவர்களைப் பரீட்சைக்குத் தோற்றுவித்துள்ளேன்" என்ற வரியை வைத்து அதிபரால் எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தப் பரீட்சை, எந்தத் தரம், எத்தனை பேர் தோற்றினார்கள், எத்தனை பேர் சித்தி என்பதுதான் அவருக்கு வேண்டும்.

மல்லாவியில் வீட்டு வகுப்பு நடத்தும் ஒரு பரதநாட்டிய ஆசிரியை கிளிநொச்சிப் பாடசாலை ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைப்போம். அவர் இப்படி எழுதலாம்: "வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை, 2022–2024. தரம் 1: தோற்றியோர் 12, சித்தி 11. தரம் 3: தோற்றியோர் 5, சித்தி 4." தோற்றியோர் தொகையை மறைக்க வேண்டாம். சித்தி மட்டும் இருந்தால் சந்தேகம்தான் வரும். இடையில் வேறு ஆசிரியரிடமிருந்து வந்த பிள்ளை என்றால், "தரம் 3 முதல் என்னிடம்" என்று சேர்த்துவிடுங்கள். சாதாரண தரப் பரீட்சை முடிவைத் தனி வரியில் ஏ, பி, சி, எஸ் வாரியாகக் கொடுங்கள். இரண்டையும் கலந்தால் கணக்கு குழம்பும்.

நிகழ்ச்சிகளில் உங்கள் பங்கைத் தெளிவாகச் சொல்லுங்கள். நீங்கள் ஆடியது வேறு, நட்டுவாங்கம் செய்தது வேறு, பிள்ளைகளைப் பழக்கி மேடையேற்றியது வேறு. பாடசாலைக்கு மூன்றாவதே முக்கியம் என்பதால் அதை முதலில் வையுங்கள். தமிழ்த் தினப் போட்டி என்றால் வலயமா, மாகாணமா, தேசியமா என்பதும் வேண்டும். கோயில் திருவிழா நிகழ்ச்சிகளை ஆண்டு, இடத்துடன் நான்கைந்து எழுதினால் போதும்.

அப்புறம், பெறுபேற்றுத் தாள்களின் பிரதிகளை அதே வரிசையில் இணையுங்கள். மாணவர் பெயர், சுட்டெண்ணை மறைத்துவிடுங்கள்.