கிறிஸ்துமஸ் விருந்து மேசைக்கு மெழுகுவர்த்தி தேர்ந்தெடுப்பது எப்படி?

டிசம்பர் 25 இரவு எட்டுப் பேர் அமரும் சாப்பாட்டு மேசையின் நடுவில் நான்கு நீள மெழுகுவர்த்திகளை ஏற்ற வேண்டும். ஏழு மணிக்குத் தொடங்கும் விருந்து பதினொரு மணிக்கு முடியும். மேசைக்கு நேர் மேலே மின்விசிறி இருக்கிறது. நம் ஊர் வீடுகள் பலவற்றுக்கும் பொருந்தும் இந்தத் தேவையை வைத்தே, எதை வாங்குவது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: மெழுகைத் தேர்ந்தெடுங்கள்

கடைகளில் அதிகம் கிடைப்பது பாரஃபின் மெழுகு. மின்வெட்டுக்காக நாம் வாங்கி வைக்கும் வெள்ளை மெழுகுவர்த்தியும் பெரும்பாலும் அதுதான். அதனுடன் கொழுப்பிலிருந்து எடுக்கப்படும் ஸ்டியரின் சேர்த்திருந்தால் மெழுகு இறுகி, வெயில் காலத்திலும் எளிதில் வளையாமல் நிற்கும். சோயா மெழுகு குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும் என்பதால், அது கண்ணாடிக் குவளைக்குள் ஊற்றி எரிப்பதற்கே ஏற்றது. தனித்து நிற்கும் நீள மெழுகுவர்த்திக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேன்மெழுகு உருகுவதற்கு 62 முதல் 64 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும் என்பதால் அது நிதானமாக எரிகிறது, ஆனால் விலை பல மடங்கு அதிகம். நாள்பட்ட தேன்மெழுகின் மேல் சாம்பல் பூத்தாற்போல வெண்மை படர்வது இயல்பே. மென்துணியால் துடைத்தால் போய்விடும்.

எந்த மெழுகாக இருந்தாலும் சாப்பாட்டு மேசைக்கு நறுமணம் சேர்க்காததையே வாங்குங்கள். பிரியாணியின் மணத்தோடு வெனிலா மணம் கலந்தால் இரண்டுமே கெடும்.

படி 2: எரியும் நேரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

உறையில் அச்சிட்டிருக்கும் நேரம் காற்று அசையாத அறைக்கானது. ஆகவே ஒன்றை மட்டும் முன்கூட்டியே வாங்கிச் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். 20 செ.மீ. உயரமுள்ள மெழுகுவர்த்தி 50 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் எரித்து அணைத்த பின் 43 கிராம் இருந்தால், மணிக்கு 7 கிராம் செலவாகிறது. அடியில் 5 செ.மீ. மீதமிருக்கும்போதே அணைத்துவிட வேண்டும் என்பதால், கால் பங்கைக் கழித்துவிட்டால் எரிக்கக் கிடைப்பது ஏறத்தாழ 38 கிராம். அது ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எரியும். நமக்குத் தேவையான நான்கு மணி நேரத்துக்கு இது தாராளம்.

இதே சோதனையை மின்விசிறி மெதுவாகச் சுழலும்போதும் செய்யுங்கள். வழிந்தோடுவதையும் சேர்த்து மணிக்கு 10 கிராம் குறைந்தால், மெழுகுவர்த்தி நான்கு மணி நேரம் தாங்காது. அப்போது 25 செ.மீ. உயரமுள்ளதை வாங்குங்கள், அல்லது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

படி 3: மெழுகு ஏன் வழிகிறது என்று கவனியுங்கள்

எரியும் மெழுகுவர்த்தியின் உச்சியில் சிறு கிண்ணம் போல ஒரு குழி உண்டாகி, அதில் உருகிய மெழுகு தேங்கும். சுடர் நேராக நிற்கும்வரை குழியின் விளிம்பு சுற்றிலும் ஒரே உயரத்தில் இருக்கும். காற்று சுடரை ஒரு பக்கம் சாய்த்தால் அந்தப் பக்க விளிம்பு இளகி உடைய, தேங்கிய மெழுகு முழுவதும் அவ்வழியே இறங்கிவிடும். "வழியாதது" என்று உறையில் எழுதியிருந்தாலும், காற்றோட்டத்தில் வைத்தால் வழியத்தான் செய்யும்.

திரி நீண்டுவிட்டாலும் இதே தொல்லைதான்: சுடர் பெரிதாகி, தேவைக்கு மேல் மெழுகை உருக்கிப் புகையும் விடும். எனவே ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்பும் திரியை அரை சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டிவிடுங்கள். அடுத்தடுத்த மெழுகுவர்த்திகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டால் ஒன்றின் வெப்பம் மற்றொன்றை இளக்காது.

படி 4: தாங்கியை மெழுகுவர்த்தியோடு பொருத்திப் பாருங்கள்

மெழுகுவர்த்தியின் அடிப்பகுதி 2.2 செ.மீ. இருக்க, தாங்கியின் குழி அதைவிட அகலமாக இருந்தால் அது சாய்ந்து நின்று வழியும். அடியில் அலுமினியத் தாளைச் சுற்றி இறுக்குங்கள். குழி சிறிதாக இருந்தால் அடியை வெந்நீரில் சிறிது நேரம் பிடித்து, இளகியதும் அழுத்திச் செருகுங்கள். கனமான அடித்தட்டு கொண்ட பித்தளை அல்லது இரும்புத் தாங்கி நல்லது. மரத்தாங்கியில் உலோகக் கிண்ணம் பதித்திருந்தால் மட்டும் வாங்குங்கள். குழியைச் சுற்றிச் சிறு தட்டு இருந்தால் வழியும் மெழுகு மேசை விரிப்பை எட்டாது.

மின்விசிறியை நிறுத்தவே முடியாத வீட்டில், மேலும் கீழும் காற்றுப் புக வழியுள்ள அகலமான கண்ணாடிக் கூண்டுக்குள் வையுங்கள். கீழே வழியில்லாத குறுகிய கூண்டில் சுடர் திணறிக் கண்ணாடி கரியேறும்.

அப்படியும் விரிப்பில் மெழுகு சிந்திவிட்டால் உடனே துடைக்காதீர்கள், அது பரவும். ஐஸ் கட்டியை வைத்து இறுகச் செய்து கரண்டிக் காம்பால் பெயர்த்தெடுங்கள். எஞ்சிய கறையின் மேலும் கீழும் மெல்லிய காகிதம் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் காகிதம் மெழுகை உறிஞ்சிக்கொள்ளும்.