ஏர் லீக் பைலட்டுக்கு ஹெச்ஓடியிடம் அனுமதி கேட்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றதும், பியூ டியூப் ஃபிட்டிங்கிலும் ஏர் கன்னிலும் எஃப்ஆர்எல் யூனிட்டிலும் இருந்து ‘ஸ்ஸ்’ என்று காற்று ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றை அழுத்தக் கம்ப்ரசர் கரண்ட் தின்கிறது. மெயின்டனன்ஸில் இருக்கும் யாரோ ஒருவர் இதைச் சரிசெய்யலாம் என்று ஹெச்ஓடியிடம் போகிறார். “நல்ல ஐடியாதான், பார்க்கலாம்” என்று பதில் வருகிறது. அதோடு சரி. பெரும்பாலும் ஐடியாவில் குறை இருக்காது. கேட்ட விதத்தில்தான் இருக்கும்.

முதல் தவறு, பிளான்ட் முழுவதற்கும் கேட்பது. பெரிய கம்பெனியில் ஹெச்ஓடி தன் கையெழுத்திலேயே பாஸ் பண்ணக்கூடிய தொகைக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ஃபைனான்ஸ், பிளான்ட் ஹெட் என்று ஃபைல் ஏற வேண்டும். அந்த வரம்பு எவ்வளவு என்று பர்ச்சேஸில் இருப்பவரிடமோ சீனியரிடமோ முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் செலவு அதற்குள் அடங்கட்டும். ஃபிட்டிங், டியூப், ஹோஸ் கிளாம்ப் எல்லாம் ஸ்டோர்ஸில் ஏற்கெனவே இருந்தால் ஒரு இன்டென்ட் போட்டு எடுத்தாலே போதும். பிறகு பைலட்டுக்கு, அதாவது முன்னோட்டச் சோதனைக்கு, ஒரே ஒரு ஷெட்டைத் தேர்ந்தெடுங்கள். அது சத்தம் அதிகம் உள்ள ஷெட்டாக இருப்பதைவிட, மெயின் காற்றுக் குழாயான ஹெட்டரிலிருந்து தனி வால்வு வைத்துப் பிரியும் ஷெட்டாக இருப்பது முக்கியம். அந்த வால்வு இருந்தால்தான் அந்த ஷெட்டை மட்டும் தனியாக அளக்க முடியும்.

இரண்டாவது தவறில்தான் பெரும்பாலான பைலட்டுகள் மூழ்குகின்றன: “ஈபி பில் குறையும் சார்.” சொல்லவே சொல்லாதீர்கள். பில் முழு ஃபேக்டரிக்கும் வருவது. அந்த மாதம் ஆர்டர் கூடியிருக்கும், ஒரு ஃபர்னஸ் கூடுதலாக ஓடியிருக்கும், ஏசி லோடு ஏறியிருக்கும். நீங்கள் ஒரு ஷெட்டில் செய்த வேலை அதில் கரைந்துபோகும். பில் குறைந்தாலும் அது உங்களால்தான் என்று நிரூபிக்க முடியாது, ஏறினால் பழி மட்டும் வரும். உங்கள் வேலைக்கு மட்டும் அசையும் எண் ஒன்று வேண்டும்.

அந்த எண்ணை எடுக்க லோடு–அன்லோடு டெஸ்ட் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உற்பத்தி இல்லாத நேரத்தில் ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓட்டி, உங்கள் ஷெட்டின் வால்வை மட்டும் திறந்து வையுங்கள். மெஷின்கள் ஓடாது, ஆனால் அவற்றுக்குப் போகும் காற்று வால்வுகள் வழக்கம்போல் திறந்திருக்க வேண்டும். யாரும் காற்றைப் பயன்படுத்தாததால், கம்ப்ரசர் லோடு எடுப்பது லீக்கை ஈடுகட்ட மட்டுமே. எத்தனை விநாடி லோடில், அதாவது காற்றை அழுத்திக்கொண்டு ஓடுகிறது, எத்தனை விநாடி அன்லோடில், அதாவது அழுத்தாமல் சும்மா ஓடுகிறது என்று ஸ்டாப்வாட்சில் ஐந்தாறு சுற்று குறித்துச் சராசரி எடுங்கள். கணக்கு இவ்வளவுதான்:

```
லீக் % = லோடு நேரம் ÷ (லோடு நேரம் + அன்லோடு நேரம்) × 100
```

500 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 500 கன அடி காற்று தரும் 90 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர் என்று வைத்துக்கொள்வோம். லோடு 90 விநாடி, அன்லோடு 270 விநாடி வந்தால் லீக் 25 சதவீதம், அதாவது 125 சிஎஃப்எம். இந்த எண்ணை வேலை தொடங்கும் முன்பே எடுத்து, ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிட வேண்டும். வேலையை முடித்துவிட்டு ‘முன்னாடி எவ்வளவு இருந்திருக்கும்’ என்று யோசிப்பவருக்கு ஹெச்ஓடி முன் நிற்க ஆதாரமே இருக்காது.

அளவு கெடும் இடங்களும் உண்டு. மற்ற ஷெட்டுகளின் வால்வுகள் பழசாகிக் காற்றை விட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் முதலில் எல்லா வால்வையும் அடைத்து ஒரு தடவை அளந்து, அந்தச் சதவீதத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசரின் லோடு, அன்லோடு பிரஷர் செட்டிங்கை முன்னும் பின்னும் மாற்றக்கூடாது. நடுவில் யாராவது பிரஷரைக் குறைத்தால் ஒரு டியூப்கூட மாற்றாமலே லீக் குறைந்ததுபோல் தெரியும். இன்னொன்று, ஆயுத பூஜை. அந்த வாரத்தில் ஷாப் முழுக்க மெஷினைக் கழுவித் துடைத்து, இருக்கிற லீக்கையும் தாங்களே இறுக்கிவிடுவார்கள். பைலட் அதன் குறுக்கே விழுந்தால் எது உங்கள் வேலை, எது பூஜை வேலை என்று பிரிக்க முடியாது.

அடுத்தது மிகைப்படுத்திய சேமிப்பு. லீக் 25லிருந்து 15க்கு வந்தால் பத்து சதவீதம், 90 கிலோவாட்டில் 9 கிலோவாட் மிச்சம் என்று எழுதத் தோன்றும். ஆனால் ஸ்க்ரூ கம்ப்ரசர் அன்லோடிலும் முழு லோடின் சுமார் 30 சதவீதக் கரண்டை எடுக்கும். நிஜமாக மிஞ்சுவது ஏறக்குறைய 6 கிலோவாட். வருஷத்துக்கு 6,000 மணி நேரம் ஓட்டம், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஹெச்ஓடியே கம்ப்ரசர் ரூமில் வளர்ந்தவராக இருப்பார், அன்லோடு விஷயம் அவருக்குத் தெரியும். அதை நீங்களே எழுதியிருந்தால் மீதிக் கணக்கையும் நம்புவார்.

பிறகு, எது வெற்றி, எது தோல்வி என்று முன்கூட்டியே எழுதாமல் விடுவது. இதற்கு இரண்டு எண் வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“சி ஷெட் மட்டும். ஆறு வாரம். இரண்டு ஃபிட்டர், வாரத்துக்கு ஒரு அரை ஷிஃப்ட். உற்பத்தி நிறுத்தம் கிடையாது. இப்போதைய லீக் 25%. ஆறாவது வார ஞாயிறு டெஸ்டில் 15% அல்லது அதற்குக் கீழே வந்தால் அடுத்த ஷெட்டுக்கு அனுமதி கேட்கிறேன். 20%க்கு மேலேயே நின்றால் நிறுத்திவிடுகிறேன். இடையில் வந்தால் எந்த ஃபிட்டிங் திரும்பத் திரும்ப ஒழுகுகிறது என்ற பட்டியலோடு உங்களிடம் வருகிறேன், முடிவு உங்களுடையது.”

நிறுத்தும் எண்ணை எழுதத் தயங்குகிறோம், நம்பிக்கை இல்லாதவன் என்று நினைப்பாரோ என்று. நடப்பது நேர்மாறு. ஆரம்பித்தது முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் வேலைதான் ஹெச்ஓடியின் பயம். அந்தப் பயத்தை இந்த ஒரு வரி தீர்க்கிறது.

ஆட்களைச் சொல்லாமல் விடுவதும் அனுமதியைத் தள்ளிப்போடும். ஞாயிற்றுக்கிழமை டெஸ்டுக்கு ஆள் வேண்டும். உங்கள் கம்பெனி பஸ் ஞாயிறு ஓடாவிட்டால் ராயக்கோட்டையிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ வரும் ஃபிட்டரை எண்ணிப் பயனில்லை. ஓசூரிலேயே குடியிருப்பவர் யார், அவருக்கு ஓவர்டைமா, காம்ப் ஆஃபா என்பதுவரை பேசி வைத்துக்கொண்டு போங்கள். சி ஷெட் புரொடக்ஷன் சூப்பர்வைசரிடமும் முன்பே ஒரு வார்த்தை. ஹெச்ஓடி அவரைக் கூப்பிட்டு “என்னப்பா, உன் ஷெட்ல இதப் பண்ணலாமா?” என்று கேட்பார். அப்போது அவர் முதல்முறையாகக் கேள்விப்பட்டால், “டெலிவரி டைட்டா இருக்கு சார்” என்பதுதான் வரும்.

ரிவ்யூ மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் இதை அவிழ்க்காதீர்கள். லீக் 25 சதவீதம் என்பது அந்த அறையில் அவர் டிபார்ட்மென்ட் மேல் குற்றச்சாட்டாகக் கேட்கும். ஒரு தாளோடு தனியாகப் போங்கள், டெஸ்ட் ஷீட்டைப் பின்னால் இணைத்து.

அந்தத் தாளிலேயே, பைலட் முடிந்து இரண்டு மாதம் கழித்து அதே ஷெட்டில் இன்னொரு ஞாயிறு டெஸ்ட் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மெஷின் அதிர்வில் ஃபிட்டிங் மறுபடி தளரும், ஏர் கன்னைக் கீழே போடுவார்கள், லீக் திரும்ப வரும். எவ்வளவு வேகமாக வருகிறது என்ற எண் கையில் இருந்தால்தான், மற்ற ஷெட்டுகளுக்கு மாதம் ஒரு ரவுண்டு போதுமா, வாராவாரம் ஆள் விட வேண்டுமா என்று அவரால் தீர்மானிக்க முடியும்.