ஹெல்மெட்டில் வழி சொல்லும் குரல் வரவில்லையா?

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏறும்போது பைக் டேஷ்போர்டில் அம்புக்குறி சரியாக வருகிறது, ஹெல்மெட்டில் மட்டும் சத்தமில்லை என்றால், போன் பெரும்பாலும் குரலை டேஷ்போர்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. சில டேஷ்போர்டுகள் போனிடம் தங்களையும் ஹெட்செட் என்றே காட்டிக்கொள்ளும். ஸ்பீக்கர்தான் இருக்காது!

போனில் ஹெல்மெட் இன்டர்காம், டேஷ்போர்டு என்ற பழைய புளூடூத் இணைப்புகள் இரண்டையும் அழியுங்கள். முதலில் இன்டர்காமை இணைத்து, பாட்டு, அழைப்பு இரண்டும் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் பைக் ஆப் வழியாக டேஷ்போர்டு. ஆண்ட்ராய்டு புளூடூத் பட்டியலில் டேஷ்போர்டின் அமைப்பைத் திறந்து Media audio இருந்தால் அணையுங்கள். Phone calls-ஐயும் அணைக்கலாம். ஆனால் சில வண்டிகளில் அழைப்பவர் பெயர் திரையில் வராது. பெயர் வேண்டுமென்றால் அதை விட்டுவைத்து, அழைப்பை ஹெல்மெட் பட்டனில் எடுங்கள். ஹேண்டில்பார் பட்டனில் எடுத்தால் பேச்சு டேஷ்போர்டுக்குப் போய்விடலாம்.

கூகுள் மேப்ஸ் அமைப்பில் Play voice over Bluetooth ஆன் ஆகியிருக்க வேண்டும். அப்படியும் ஒவ்வொரு அறிவிப்பிலும் முதல் சொல் விழுங்கப்பட்டால், இடைவெளியில் ஒலி இணைப்பு தூங்கிவிடுகிறது. மெல்லிய பாட்டு ஒன்றை ஓடவிட்டால் விழித்தே இருக்கும். மலையில் சிக்னல் விட்டுப்போகலாம். புனலூர் வரைக்குமான ஆஃப்லைன் மேப்பைச் செங்கோட்டையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.