மூன்று திருமணங்களில் தாலி: ஒன்பதாம் வகுப்புக்கு ஓர் ஒப்பீட்டுப் பயிற்சித்தாள் தயாரிக்கும் முறை

கடலூர், புதுச்சேரிப் பகுதிப் பள்ளிகளில் புதிதாகப் பணியில் சேர்ந்து, பல சமயத் திருமணங்களை ஒப்பிடும் பாடத்தை முதன்முறையாக எடுக்கவிருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பாடவேளைக்குள் முடியும் ஒற்றைத் தாளை எப்படிக் கட்டுவது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

வழக்கமான பயிற்சித்தாள் சமயங்களை இடப்பக்கத்திலும் சின்னங்களை வலப்பக்கத்திலும் எழுதிப் பொருத்தச் சொல்லும்: இந்துவுக்குத் தாலி, கிறித்தவருக்கு மோதிரம், முஸ்லிமுக்கு மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹர். நம் ஊரில் இந்தப் பொருத்தம் நிற்காது. திருவந்திபுரத்தில் மலைமீது நடக்கும் திருமணத்திலும் தாலி உண்டு. புதுச்சேரி சம்பா கோவிலில் நடக்கும் கத்தோலிக்கத் திருமணத்திலும் மந்திரித்த தாலி உண்டு. தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் மணப்பெண்ணின் கழுத்தில் கரிய மணிகள் கோத்த தாலியான கருகமணி ஏறுகிறது. ஆகவே எந்தச் சமயத்துக்கு எந்தச் சின்னம் என்று கேட்பதைவிட, "எது நடந்தேறியதும் இவர்கள் கணவன் மனைவி ஆகிறார்கள்? எது இல்லாமற்போனாலும் அவர்கள் கணவன் மனைவிதான்?" என்று கேளுங்கள். தாள் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமையட்டும்.

இரண்டாம் படி: கட்டங்கள் வரைதல்

தாளின் முன்பக்கத்தில் மூன்று திருமணங்களுக்கு மூன்று வரிசைகளும், ஒவ்வொரு வரிசைக்கும் நான்கு கட்டங்களும் போதும். முதல் கட்டம், "வாய் திறந்து சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார்?" இரண்டாவது, "சொல்லப்படுவது என்ன?" மூன்றாவது, "எந்தப் பொருள் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது?" நான்காவது, "எது இல்லாவிட்டால் மணம் செல்லாது?" நான்காம் கட்டத்தை மற்றவற்றைப் போல் இரண்டு மடங்கு அகலமாக வரையுங்கள், ஏனென்றால் மாணவர்கள் அங்கேதான் காரணம் எழுத வேண்டும். ஐந்தாவதாக "உணவு, உடை" என்றொரு கட்டம் சேர்க்க மனம் வரும். அதைச் சேர்த்தால் வகுப்பு முழுவதும் பிரியாணியிலும் பட்டுப்புடவையிலும் நின்றுவிடும்.

மூன்றாம் படி: வரிசைகளை நிரப்பிப் பார்த்தல்

மாணவருக்குக் கொடுப்பதற்கு முன் விடைத்தாளை நீங்களே எழுதுங்கள். மூன்று வரிசைகளையும் இங்கே நிரப்பிக் காட்டுகிறேன்.

முதலில் இந்துத் திருமணம். முகூர்த்த நேரத்தில் கெட்டிமேளம் முழங்க, மணமகன் தாலியை மணமகளின் கழுத்தில் வைத்து ஒரு முடிச்சிட, மற்ற இரண்டு முடிச்சுகளை நாத்தனார் போடுவது பல குடும்பங்களின் வழக்கம். அப்போது ஓதப்படும் "மாங்கல்யம் தந்துனானேன" என்று தொடங்கும் சுலோகம் மணமகனின் கூற்றாக அமைந்தது: என் வாழ்வுக்குக் காரணமான இந்த மங்கல நாணை உன் கழுத்தில் கட்டுகிறேன், நீ நூறாண்டு வாழ்வாயாக என்பது அதன் பொருள். இந்த இடத்தில் மணமகள் சொல்வதற்கென்று ஒரு வாக்கியமும் இல்லை. முதல் கட்டத்தில் மணமகளுக்குரிய பகுதியை வெறுமையாக விடச் சொல்லுங்கள், அந்த வெறுமை அடுத்த வரிசையோடு ஒப்பிடும்போது பேசும். சப்தபதி இடம்பெறும் குடும்பங்களில் மணமக்கள் அக்கினியின் அருகே ஏழு அடி சேர்ந்து வைக்கிறார்கள். ஏழாம் அடியில், ஏழடி உடன் நடந்தவளே, எனக்குத் தோழியாகு என்று மணமகன் சொல்கிறான்.

நான்காம் கட்டத்தில் சட்டத்தையும் தொட வேண்டும். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், 7ஆம் பிரிவில், இரு தரப்பில் எவருடைய வழக்கப்படியும் மணம் செய்யலாம் என்கிறது. அந்த வழக்கத்தில் சப்தபதி இருந்தால் ஏழாம் அடி வைத்ததும் மணம் முழுமையடைகிறது. தமிழ்நாடு 1967ஆம் ஆண்டின் திருத்தத்தால் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. அதன்படி உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் அறிவிக்கலாம், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், அல்லது தாலி கட்டலாம். மூன்றில் ஒன்று போதும், புரோகிதர் தேவையில்லை. இந்தப் பிரிவு பொருந்தும் திருமணத்துக்குச் சப்தபதி கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 2001இல் கூறியது. எனவே கடலூரில் நடக்கும் ஒரு திருமணத்தைப் பற்றி "சப்தபதி இல்லாததால் செல்லாது" என்று ஒரு மாணவர் எழுதினால் அது தவறு. அந்தக் குடும்பத்தின் வழக்கம் என்ன என்று கேட்டபிறகே விடை எழுத வேண்டும்.

அடுத்தது கத்தோலிக்கத் திருமணம். பங்கில் திருமண ஓலை வாசிக்கப்பட்டு, தடை ஏதும் எழாத நிலையில், மணமக்கள் பீடத்தின் முன் நிற்கிறார்கள். முழுச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறீர்களா, வாழ்நாள் முழுவதும் அன்பு செய்து மதிப்பீர்களா, இறைவன் தரும் குழந்தைகளை ஏற்று வளர்ப்பீர்களா என்று குருவானவர் கேட்கிறார். பின்னர் இருவரும் தனித்தனியே, தம் வாயாலேயே, இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் பிரமாணிக்கமாக இருப்பதாக வாக்களிக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் மணத்தை உண்டாக்குவது இந்தச் சம்மதம்தான். இலத்தீன் மரபில் திருமணம் என்ற அருளடையாளத்தை வழங்குபவர்கள் மணமக்களே. குருவானவர் திருச்சபையின் பெயரால் அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டு ஏற்றுக்கொள்பவர், அவரோடு இரு சாட்சிகளும் இருக்க வேண்டும். மோதிரமும், சிலுவையோ புறாவோ பொறித்த தாலியும் அதன்பின் மந்திரித்து அணிவிக்கப்படுகின்றன. மோதிரம் வீட்டில் மறந்துபோனாலும் மணம் மணமே, ஆனால் வாக்குறுதி சொல்லப்படாமல் தாலி மட்டும் கட்டப்பட்டால் திருச்சபையின் பார்வையில் மணம் நடக்கவில்லை.

மூன்றாவது நிக்காஹ். பள்ளிவாசலிலோ மண்டபத்திலோ ஒரே அமர்வில், பெண்ணின் வலீ, அதாவது பெரும்பாலும் தந்தை, குறிப்பிட்ட மஹருக்குத் தம் மகளை மணம் செய்து தருவதாகச் சொல்ல, மணமகன் ஏற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். ஈஜாப், கபூல் எனப்படும் இவ்விரண்டும் சாட்சிகள் இருவரின் காதில் விழ வேண்டும். ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் கையொப்பங்கள் இடப்படுகின்றன. நம் வட்டாரத்தில் மணமகள் பெரும்பாலும் அந்த அமர்வில் இருப்பதில்லை என்பதால் அவருக்குக் குரலே இல்லை என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். அவருடைய சம்மதம் முன்கூட்டியே கேட்டுப் பெறப்படுகிறது என்பதைத் தாளின் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். மஹர் மணமகன் தரப்பிலிருந்து மணமகளுக்கே உரிமையாவது, அவருடைய தந்தைக்கு அன்று. அதை வரதட்சணையோடு குழப்பிய விடை வந்தால், மூன்றாம் கட்டத்தில் எந்தத் திசையில் பொருள் போகிறது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். குழப்பம் உடனே தெரிந்துவிடும். அமர்வில் மஹரின் தொகையைச் சொல்ல மறந்தாலும் நிக்காஹ் செல்லும். மணமகளின் குடும்பப் பெண்களுக்கு வழங்கப்படும் அளவையொட்டிய மஹர் அவருக்குச் சேர வேண்டியதாகிறது. கருகமணி நிக்காஹின் பகுதி இல்லை. அது இவ்வட்டாரக் குடும்ப வழக்கம், சிலர் கட்டுவதில்லை.

நான்காம் படி: பின்பக்கத்தில் ஒரு வரலாற்றுப் பத்தி

மூன்று வரிசைகளும் நிரம்பியபின், தாலி ஏன் மூன்றிலும் வருகிறது என்ற கேள்வி வகுப்பிலேயே எழும். அதற்குப் புதுச்சேரியின் வரலாறே நல்ல பாடம். போப்பாண்டவரின் தூதராக இங்கு வந்து தங்கிய தூர்னோன், 1704ஆம் ஆண்டில் தமிழ்க் கிறித்தவர்களின் வழக்கங்கள் சிலவற்றைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும், அதைக் கோத்த 108 இழை மஞ்சள் கயிற்றையும் திருமணத்தில் பயன்படுத்தக் கூடாது என்றும், தேங்காய் உடைத்து நல்லது கெட்டது பார்க்கக் கூடாது என்றும் அது கூறியது. நீண்ட வாதத்துக்குப்பின் 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இச்சர்ச்சைக்கு இறுதி முடிவு அளித்தார்.

இந்தப் பத்தியை அச்சிட்டு, அதன் கீழே ஒரே வினா கேளுங்கள்: "ஆணை தடுத்தவற்றைப் பட்டியலிடுக. தாலியைக் குறித்து அது எதிர்த்தது எதை?" நல்ல விடை, எதிர்ப்பு உருவத்தின்மீதும் கயிற்றின்மீதும் விழுந்தது என்பதைப் பத்தியிலிருந்தே எடுத்துக் காட்டி, இன்றைய கத்தோலிக்கத் தாலியில் சிலுவை இருப்பதோடு அதை இணைக்கும். "கிறித்தவர்கள் இந்துக்களைப் பார்த்துச் செய்தார்கள்" என்ற விடை வந்தால், அந்த மாணவர் பத்தியைப் படிக்காமலேயே எழுதியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

ஐந்தாம் படி: செய்யக் கூடாதவை

"உன் பெற்றோர் திருமணம் எப்படி நடந்தது?" என்ற வினாவைத் தாளில் வைக்காதீர்கள். பதிவுத் திருமணம் செய்தவர்கள், வீட்டை எதிர்த்து மணந்தவர்கள், பிரிந்து வாழ்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் அந்த வகுப்பில் இருப்பார்கள். வகுப்பில் மாதிரித் திருமணம் நடத்திக் காட்டுவதையும் நான் ஏற்பதில்லை: சிரிப்பில் முடியும், அல்லது ஒரு பிள்ளைக்கு நெடுநாள் கேலியாக மிஞ்சும். அழைப்பிதழ்களைக் கொண்டுவரச் சொல்லலாம்; பெயர்களை மறைத்துவிட்டு, எந்த நிகழ்வுக்கு நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொன்னால், "முகூர்த்தம்", "திருமணத் திருப்பலி", "நிக்காஹ்" ஆகியவை எதை மையமாகக் கொள்கின்றன என்பது மாணவர் கையிலேயே கிடைக்கும்.

ஆறாம் படி: அறியாத வரிசை

கடைசி ஐந்து நிமிடத்துக்கு நான்காவது வரிசை ஒன்று வேண்டும். நம் மாணவர் பெரும்பாலோர் பார்த்திராத சீக்கியரின் திருமணமான ஆனந்த் காரஜைத் தேர்ந்தெடுங்கள். கொடுக்க வேண்டிய தகவல் இவ்வளவே: மணமகளும் மணமகனும் ஒரு துணியால் இணைக்கப்பட்டு, குரு கிரந்த் சாஹிபின் முன் அமர்கிறார்கள், குரு ராம் தாஸ் இயற்றிய லாவான் என்னும் நான்கு பாடல்கள் ஒவ்வொன்றாக ஓதப்பட, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை அந்நூலைச் சுற்றி வருகிறார்கள், ஒவ்வொரு முறையும் தலைவணங்குகிறார்கள். மணமக்கள் வாய்விட்டு உறுதிமொழி சொல்வதில்லை.

முதல் கட்டத்தில் மாணவர் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். "யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே சம்மதம் இல்லை" என்று எழுதினால் பாதி மதிப்பெண் போதும். சம்மதம் தலைவணங்குதலில் இருக்கிறது என்று எழுதி, அதை இந்துத் திருமண வரிசையில் வெறுமையாக விட்ட இடத்தோடு ஒப்பிட்டு ஒரு கேள்வியாவது எழுப்பியவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.