ஃபோட்டோஷாப்பில் பிரஷ் அளவை மாற்ற இடது கை குறுக்கே ஓட வேண்டாம்

ஹட்டனில் கலியாணப் படங்கள் திருத்தும் எனக்கு அதிக நேரம் போனது கூந்தல் ஓரத்தில்தான். பின்னால் தேயிலை மலையில் மூடுபனி, முன்னால் மணப்பெண்ணின் மல்லிகைச் சரம். பனியைக் கொஞ்சம் இருட்டாக்கும் கர்வ்ஸ் லேயர் பூக்களின் மேல் படாதபடி, அதன் மாஸ்க்கில் கறுப்புப் பூச வேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் பிரஷ் அளவை மாற்றும் `[` `]` இரண்டும் கீபோர்டின் வலப்பக்கம் இருக்கின்றன. வலது கையோ மௌஸில். ஒவ்வொரு இதழுக்கும் இடது கை குறுக்கே ஓட வேண்டியிருந்தது.

விண்டோஸில் இதற்கு நல்ல வழி `Alt`. அதை அழுத்திக்கொண்டே மௌஸின் வலது பட்டனைப் பிடித்து இழுங்கள். வலப்பக்கம் போனால் பிரஷ் பெரிதாகும், இடப்பக்கம் சிறிதாகும். மேலும் கீழும் இழுத்தால் ஓரத்தின் மென்மை மாறும். இதழுக்குக் கூர்மையான ஓரம், கூந்தலுக்கு மென்மையான ஓரம் என்று ஒரே இழுப்பில் கிடைக்கிறது.

அதே `Alt`-ஐ விடாமல் மௌஸ் சக்கரத்தை உருட்டினால் ஜூம் ஆகும். `Space` பிடித்தால் படத்தை நகர்த்தலாம். பூச்சு வெளியே வழிந்தால் இரேசரைத் தேட வேண்டாம்; `X` தட்டினால் கறுப்பு வெள்ளையாகும், அதன் மேலேயே பூசிவிடலாம்.

இன்னொன்று கவனியுங்கள். தமிழ் கீபோர்டும் போட்டிருந்தால், `Alt`-உடன் `Shift` தவறிப் பட்டதும் மொழி மாறிவிடலாம். பிரஷை எடுக்கும் `B`, நிறம் மாற்றும் `X` இரண்டும் திடீரென்று வேலை செய்யாவிட்டால் திரையின் கீழ் வலது மூலையில் `ENG` இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.