திட்டத்தின் கணக்கில் எந்தச் செலவைச் சேர்ப்பது, எதை விடுவது?

புதிய திட்டம் ஒன்றின் நிகர தற்போதைய மதிப்பை, அதாவது வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பிலிருந்து செலவின் இன்றைய மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவதைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் அப்படியொன்றும் கடினமில்லை. விரிதாளில் ஒரே வரியில் முடிந்துவிடும். தடுமாறுவது அதற்கு முந்தைய இடத்தில்தான்: அந்த வரிக்குள் எந்தெந்தச் செலவை நுழைய விடுவது? ஒரே திட்டத்தை எடுத்துக்கொண்டு, செலவுகளைச் சேர்ப்பதாலும் நீக்குவதாலும் முடிவு எப்படிப் புரண்டு புரண்டு விழுகிறது என்று பார்ப்போம்.

மரச்சாமான் செய்யும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக நாற்காலிகள் தயாரிக்கலாமா என்று யோசிக்கிறது. திட்டத்தின் ஆயுள் 4 ஆண்டுகள். தொகைகள் எல்லாம் ஆயிரத்தில். எந்த நாணயம் என்பது முக்கியமில்லை. எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு வீதம் 10 சதவீதம். வரியை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன், கடைசியில் அதைத் தொடுவோம்.

கணக்குப் பிரிவு கொடுத்த முதல் தாளில் இருப்பது இவ்வளவுதான். புதிய இயந்திரம் 800, சந்தை ஆய்வு 80, இரண்டும் தொடக்கத்தில். அப்புறம் ஆண்டுதோறும் விற்பனை 1200, மூலப்பொருளும் கூலியும் 800, தலைமை அலுவலகச் செலவில் இந்தத் திட்டத்தின் பங்கு 150. ஆக, ஆண்டுக்கு மிஞ்சுவது 250. அடுத்த 4 ஆண்டுகளில் ஆண்டுக்கு 1 வீதம் வரும் பணத்தின் இன்றைய மதிப்பு 10 சதவீதத்தில் 3.17. எனவே 250 × 3.17 = 792.5. அதிலிருந்து தொடக்கச் செலவு 880-ஐக் கழித்தால் −87.5. திட்டம் வேண்டாம் என்கிறது தாள்.

தேய்மானத்தை அந்தத் தாளில் சேர்க்காமல் விட்டது சரி. இயந்திரத்துக்கான 800 முதல் நாளே போய்விட்டது. அதையே ஆண்டுக்கு 200 என்று மறுபடி கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

படி 1: இரண்டு எதிர்காலங்களை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் “திட்டத்தைச் செய்தால்”, இரண்டாவதில் “செய்யாவிட்டால்”, மூன்றாவதில் இவற்றின் வித்தியாசம். ஒவ்வொரு செலவுக்கும் முதல் இரண்டு பத்திகளையும் நிரப்புங்கள். திட்டத்தின் கணக்குக்குள் போவது மூன்றாவது பத்தி மட்டும்.

“முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு” என்று ஒப்பிடக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடந்த ஆண்டோடு ஒப்பிடுவது வேறு, திட்டம் இல்லாத எதிர்காலத்தோடு ஒப்பிடுவது வேறு. அந்த இரண்டாவது பத்தியைச் சோம்பலாக நிரப்பும் இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

படி 2: மூழ்கிய செலவைப் பிரித்தெடுங்கள்

சந்தை ஆய்வு 80. இதில் 60 கொடுத்தாகிவிட்டது. மீதி 20-க்கான பில் இன்னும் வரவில்லை, ஆனால் ஆய்வு முடிந்து அறிக்கையும் கையில் இருக்கிறது. நாற்காலி செய்தாலும் 80 போனதுதான், செய்யாவிட்டாலும் 80 போனதுதான். வித்தியாசம் பூஜ்யம். மொத்தத்தையும் அடித்துவிடுங்கள்.

அந்த 20-இல் பலர் ஏமாறுவார்கள். பணம் இன்னும் கையை விட்டுப் போகவில்லையே, அப்படியானால் எதிர்காலச் செலவுதானே என்று தோன்றும். செலவு மூழ்கிவிட்டதா என்பதைத் தீர்மானிப்பது பணம் கொடுத்த தேதி இல்லை. அதிலிருந்து தப்ப இன்னும் வழி இருக்கிறதா என்பதுதான். ஆய்வு பாதியில் நின்று, ஒப்பந்தத்தை ரத்து செய்தால் 20-இல் 15 மிச்சமாகும் என்றிருந்தால், அந்த 15 மட்டும் ஆய்வைத் தொடர்வதா என்ற முடிவுக்குள் வரும்.

மூழ்கிய செலவு என்றாலே “இவ்வளவு கொட்டியாச்சு, இனி நிறுத்தக் கூடாது” என்ற பிடிவாதம்தான் நினைவுக்கு வரும். எதிர்ப்பக்கத்திலும் அதே தவறு உண்டு. 1971-இல் அமெரிக்காவில் லாக்ஹீட் நிறுவனம் டிரைஸ்டார் பயணிகள் விமானத் திட்டத்தைக் காப்பாற்ற 25 கோடி டாலர் கடனுக்கு அரசின் உத்தரவாதம் கேட்டது. ஏற்கெனவே ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவாகிவிட்டது, இப்போது கைவிடுவது முட்டாள்தனம் என்றார்கள் ஆதரவாளர்கள். அந்த 100 கோடிக்கு உரிய பலன் கிடைக்காத திட்டத்தை ஏன் தொடர வேண்டும் என்றார்கள் எதிர்ப்பாளர்கள் சிலர். இரண்டு தரப்புமே போன பணத்தைக் கணக்கில் வைத்தது. கேட்க வேண்டிய கேள்வி, இனிமேல் போட வேண்டிய பணத்துக்கு இனிமேல் வரும் பணம் ஈடாகுமா என்பது மட்டுமே.

நமது தாள் செய்ததும் எதிர்ப்பாளர்களின் தவறுதான். ஆய்வுச் செலவையும் நாற்காலியே சம்பாதித்துத் தரவேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. அதை நீக்கினால் 792.5 − 800 = −7.5. இன்னும் நஷ்டம்தான், ஆனால் மயிரிழையில்.

படி 3: பங்கிட்ட மேற்செலவை உடைத்துப் பாருங்கள்

அந்த 150 எங்கிருந்து வந்தது? தலைமை அலுவலகத்தின் ஆண்டுச் செலவு 900. நாற்காலி சேர்ந்தால் நிறுவனத்தின் மொத்த விற்பனை 6000-இலிருந்து 7200 ஆகும். 900-ஐ 7200-ஆல் வகுத்தால் 12.5 சதவீதம். நாற்காலி விற்பனை 1200-இல் 12.5 சதவீதம் 150.

நாற்காலி இல்லாவிட்டால்? அதே 900, விற்பனை 6000, வீதம் 15 சதவீதம். அதாவது மற்ற பொருள்களின் தலையில் இருந்த 150-ஐ எடுத்து நாற்காலியின் தலையில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நிறுவனத்திலிருந்து ஒரு காசுகூடக் கூடுதலாக வெளியே போகவில்லை. இப்படிப் பங்கிடுவதில் தவறில்லை. விலை வைக்கவும், எந்தத் துறை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கவும் அது தேவைப்படலாம். ஆனால் திட்டத்தை ஏற்பதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

சரி, அப்படியானால் 150-ஐ மொத்தமாக அடித்துவிடலாமா? கூடாது. இதுதான் பாதி புரிந்தவர்கள் செய்யும் தவறு. “மேற்செலவு” என்ற பெயரைப் பார்த்து அடிக்காதீர்கள். தலைமை அலுவலகத்துக்குப் போய் ஒவ்வொரு ஆளிடமும் கேளுங்கள்: நாற்காலி வந்தால் உங்கள் செலவில் என்ன மாறும்? மேலாளரின் சம்பளமும் கட்டடப் பராமரிப்பும் மாறாது. ஆனால் பில் போடும் பிரிவில் இப்போதே ஆள் போதவில்லை, நாற்காலி வந்தால் இன்னொருவரை எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். அவருக்கான சம்பளமும் மற்றதுமாக ஆண்டுக்கு 30. இது திட்டத்தால் உண்மையிலேயே கூடும் செலவு, எனவே சேர்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட செலவு படிக்கட்டு போல ஏறும். பில் போடுபவருக்கு நேரம் மிச்சம் இருக்கும்வரை புதிய வேலைக்குக் கூடுதல் செலவில்லை. நேரம் தீர்ந்ததும் ஒரே தாவாக ஒரு முழுச் சம்பளம் வரும். அந்தத் தாவலைத் தூண்டுவது எந்தத் திட்டமோ, அதன் கணக்கில்தான் அது சேரும்.

இப்போது ஆண்டு மிச்சம் 1200 − 800 − 30 = 370. இன்றைய மதிப்பு சுமார் 1173. 800 போக +373. நஷ்டம் என்ற திட்டம் இப்போது அருமையாகத் தெரிகிறது. இந்த இடத்தில் தாளை மூடி வைத்து ஒப்புதல் வாங்கப் போய்விடத் தோன்றும்.

படி 4: தாளில் இல்லாததைத் தேடுங்கள்

முந்தைய இரண்டு படிகளில் எழுதியிருந்ததை அடித்தோம். வாய்ப்புச் செலவு, அதாவது ஒன்றை இந்தத் திட்டத்துக்குப் பயன்படுத்துவதால் வேறு வழியில் கிடைக்காமல் போகும் பணம், எங்கேயுமே எழுதியிருக்காது. யாரும் பில் அனுப்ப மாட்டார்கள், பேரேட்டிலும் பதிவு இருக்காது. அதனால் திட்டம் எதையெல்லாம் பயன்படுத்துகிறது என்று ஒரு பட்டியல் போட்டு, “இது சும்மாதானே கிடக்கிறது” என்று சொல்லப்பட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரே நின்று யோசிக்க வேண்டும்.

நாற்காலிகளை நிறுவனத்தின் காலிக் கிடங்கில் செய்யப் போகிறார்கள். சொந்தக் கிடங்கு, வாடகை இல்லை, அதனால் தாளில் இல்லை. ஆனால் பக்கத்து நிறுவனம் அதை ஆண்டுக்கு 90 வாடகைக்குக் கேட்டிருக்கிறது. செய்யாவிட்டால் 90 வரும், செய்தால் வராது. எனவே ஆண்டுக்கு 90 கழிக்க வேண்டும். மிச்சம் 280 ஆகிறது. திட்டத்தின் மதிப்பு சுமார் +87.6-க்கு இறங்குகிறது.

அப்புறம், ஓரமாக நிற்கும் பழைய வெட்டு இயந்திரம். நாற்காலிக்கு அதைப் பயன்படுத்துவதாகத் திட்டம். அதன் ஏட்டு மதிப்பு 140. இன்று விற்றால் 60 கிடைக்கும், 4 ஆண்டுகள் ஓட்டிய பிறகு ஒன்றும் தேறாது. கணக்கில் போக வேண்டியது 60. 140 என்பது எப்போதோ வாங்கிய விலையின் எச்சம், அதாவது இன்னொரு மூழ்கிய செலவு. 60-ஐத் தொடக்கச் செலவில் சேர்த்தால் திட்டத்தின் மதிப்பு +27.6. விரிதாளில் சரிபார்க்க:

```
=-PV(10%,4,280)-800-60
```

வாய்ப்புச் செலவில் கற்பனையும் எளிதாகப் புகுந்துவிடும். “அந்தக் கிடங்கை வாடகைக்கு விட்டிருக்கலாம்” என்பது போதாது. திட்டம் இல்லாவிட்டால் உண்மையிலேயே விடுவீர்களா? கேட்பவர் இருக்கிறாரா, நிர்வாகம் சம்மதிக்குமா? இவற்றில் ஒன்றுக்காவது “இல்லை” என்பதே பதில் என்றால் அந்தக் கிடங்கின் வாய்ப்புச் செலவு பூஜ்யம். இயந்திரமும் அப்படித்தான். திட்டம் இல்லாவிட்டாலும் அதை விற்காமல் துருப்பிடிக்க விடுவார்கள் என்றால் 60-ஐச் சேர்ப்பது நியாயமில்லை. (துருப்பிடிக்க விடுவது ஏன் என்பது தனிக் கேள்வி, அதையும் கேளுங்கள்.) ஒரே இடத்துக்கு இரண்டு மாற்றுப் பயன்கள் இருந்தால் சிறந்த ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டையும் கூட்டக் கூடாது, ஏனென்றால் ஒரு கிடங்கை இரண்டு பேருக்கு விட முடியாது.

படி 5: மிஞ்சியதை அசைத்துப் பாருங்கள்

27.6-ஐ 3.17-ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 8.7. அதாவது ஆண்டுச் செலவு 8.7-க்கு மேல் கூடினால் திட்டம் கவிழும். யாராவது கிடங்குக்கு 99 வாடகை தருகிறேன் என்றால் நாற்காலி வேண்டாம். புதிய நாற்காலியை வாங்குபவர்கள் நிறுவனத்தின் பழைய முக்காலியை வாங்காமல் விட்டு, அதில் ஆண்டுக்கு வரும் லாபம் 9 குறைந்தாலும் வேண்டாம். அந்த இழப்பும் “செய்யாவிட்டால்” பத்தியில் இருக்கும் பணம்தான்.

வரியைச் சேர்க்கும்போது இந்த எண்கள் நகரும், சில இடங்களில் ஏட்டு மதிப்பும் பின்வாசல் வழியாகத் திரும்பி வரும். இயந்திரத்தை 60-க்கு விற்றால் ஏட்டில் 80 நஷ்டம். அதை வருமானத்தில் கழித்துக்கொள்ள வரி விதி அனுமதித்தால், விற்காமல் வைத்துக்கொள்வதால் அந்த வரிச் சேமிப்பு உடனடியாகக் கிடைக்காமல் போகிறது. தேய்மானமும் இதே காரணத்தால், வரியைக் குறைக்கும் அளவுக்கு மட்டும், கணக்குக்குள் வரும்.

நமது நாற்காலித் திட்டத்தில், ஒப்புதல் கேட்கும் முன் நான் உறுதி செய்யச் சொல்வது இரண்டு விஷயம்: பக்கத்து நிறுவனம் சொன்ன 90 பேச்சளவிலா எழுத்திலா, முக்காலி வாங்குபவர்களில் எத்தனை பேர் நாற்காலிக்கு மாறுவார்கள். இரண்டாவதற்கான பதில் அந்தச் சந்தை ஆய்வு அறிக்கையில் இருந்தாலும் இருக்கும்.